அப்பா தவறின லீவ் மெயில்: ஒரு கிளார்க்கோட டிராஃப்ட்டை வரி வரியா திருத்தினது

தென்னாப்பிரிக்கா டர்பன்ல ஒரு மளிகை இறக்குமதி கம்பெனி. முதலாளி தூத்துக்குடி பக்கத்துக்காரர், அறுபது தாண்டினவர், ஆபீஸ்ல எல்லாருக்கும் அவர் அண்ணாச்சிதான். அங்க ஸ்டாக் கிளார்க்கா இருக்கற தம்பிக்கு திருநெல்வேலி பக்கம் ஒரு கிராமம். 2024 செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை மதியம் அவனுக்கு ஊர்ல இருந்து போன், அப்பா தவறிட்டார்னு. அண்ணாச்சி உடனே "கிளம்புல தம்பி, போய்ட்டு வா"ன்னு சொல்லிட்டார். சனிக்கிழமை சாயங்காலம் துபாய் வழியா பிளைட் போட்டாச்சு. அதுக்கு நடுவுல ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு வாட்ஸ்அப்ல ஒரு டிராஃப்ட் வருது, "அக்கா இத கொஞ்சம் பாத்து திருத்தி குடுங்க, மரியாதை குறையாம இருக்கணும், காலைல அனுப்பணும்"னு.

வாய்ல சொல்லியாச்சே, அப்புறம் எதுக்கு மெயில்னு கேக்கலாம். "போய்ட்டு வா"ல எத்தனை நாள், எந்த லீவ், சம்பளம் உண்டா இல்லையா எதுவும் கிடையாது. மாசக் கடைசில பேரோல் போடறது அண்ணாச்சி இல்ல, வாரத்துக்கு ரெண்டு நாள் வர ஒரு அக்கவுண்டன்ட் அம்மா, இங்கயே பிறந்து வளர்ந்தவங்க. பேர் தமிழ்ப் பேர், வீட்ல முருகன் படம், ஆனா தமிழ் படிக்க வராது. 1860ல இந்தியத் தொழிலாளர்களை ஏத்திக்கிட்டு முதல் கப்பல் மெட்ராஸ்ல இருந்து வந்து இறங்கின ஊர்ல இது சகஜம். ஆக மெயிலைப் படிக்கப் போறது ரெண்டு பேர், ஒருத்தர் தமிழ்ல முழுசா படிப்பார், இன்னொருத்தர் தேதியையும் லீவ் பேரையும் மட்டும் பாப்பாங்க, மிச்சத்த யாராவது சொல்லணும். இந்த ரெண்டு பேரையும் மனசுல வச்சுத்தான் திருத்தினேன்.

அவன் அனுப்பின டிராஃப்ட் இதுதான், எழுத்துப் பிழையோட அப்படியே போடறேன் (அவன்கிட்ட கேட்டுட்டுத்தான் போடறேன், வீட்டு விவரம் சிலது எடுத்துட்டேன்):

> பொருள்: மிக மிக அவசரம்!!! துக்க செய்தி
>
> பெருமதிப்பிற்கும் வணக்கத்திற்கும் உரிய முதலாளி ஐயா அவர்களின் பொற்பாதங்களுக்கு,
>
> எனது அன்பு தந்தையார் நேற்று அகால மரணம் அடைந்து இறைவனடி சேர்ந்து எங்களை மீளா துயரில் ஆழ்த்தி விட்டார் என்பதை கண்ணீருடன் தெரிவித்து கொள்கிறேன். வியாழன் இரவு நெஞ்சு வலிக்கிறது என்றார், வாயு என்று நினைத்து சோடா கொடுத்திருக்கிறார்கள், விடியற்காலை மூச்சு திணறல் வந்து ஆட்டோவில் கொண்டு போனார்கள், ஊசி போட்டும் பலன் இல்லை. நான் மூத்த மகன் என்பதால் இறுதி சடங்கை நானே செய்ய வேண்டிய கட்டாயத்தில் உள்ளேன். எனவே 16 முதல் 30 வரை 11 நாட்கள் விடுமுறையில் செல்கிறேன். நீங்கள் கருணை கூர்ந்து இந்த ஏழையின் மீது இரக்கம் காட்டி சம்பளம் பிடிக்காமல் விட வேண்டுமாய் தங்கள் பாதம் பணிந்து கேட்டு கொள்கிறேன். அனுமதி கிடைக்காவிட்டாலும் நான் போயே ஆக வேண்டிய நிலையில் உள்ளேன் என்பதை புரிந்து கொள்ளவும்.
>
> இப்படிக்கு, தங்கள் கீழ்படிந்த ஊழியன்

இதுக்கு கீழ கன்டெய்னர் பத்தி ஒன்பது வரி, எந்த ஃபைல் எங்க இருக்கு, எந்த கடைக்கு எத்தனை மூட்டை புளி பாக்கின்னு. அத இங்க விட்டுடறேன், பின்னால வரேன்.

படிச்ச உடனே ஒற்று போட கை போச்சு, அன்புத் தந்தையார், இறுதிச் சடங்கு, தெரிவித்துக்கொள்கிறேன், கீழ்ப்படிந்தன்னு. ஆனா அது கடைசி வேலை. பாதி வரி எப்படியும் போகப்போகுது, போகப்போற வரிக்கு ஒற்று போட்டு என்ன பிரயோஜனம். முதல்ல பாக்க வேண்டியது, சொன்னது உண்மையா, கேட்டது சரியான லீவா, எண்ணிக்கை ஒத்துப்போகுதா. இந்த மூணும் இதுல இடிக்குது.

முதல் இடி இறுதிச் சடங்கு. சனிக்கிழமை சாயங்காலம் இங்க ஏறினா ஞாயித்துக்கிழமைதான் சென்னை, அங்க இருந்து பஸ் பிடிச்சு ஊர் போய்ச் சேர திங்கள் விடிஞ்சிடும். உடம்பை அதுவரைக்கும் வைக்கல, சனிக்கிழமையே தகனம், அவனோட கூடப்பிறந்த தம்பிதான் கொள்ளி வைக்கிறான்னு வீட்ல முடிவு பண்ணிட்டாங்க. அப்போ "இறுதிச் சடங்கை நானே செய்ய வேண்டும்"ங்கறது நடக்காத விஷயம். வேணும்னு பொய் சொல்லல, எழுதறப்ப அவனுக்கே அது மனசுல ஏறல, பாவம். ஆனா படிக்கிறவங்க கணக்கு எப்படிப் போகும்? சடங்குன்னா ரெண்டு நாள், போக வர ரெண்டு நாள், எதுக்கு மாசக் கடைசி வரைக்கும்னு கேள்வி வரும். அவன் போறது காரியத்துக்கு, பதினாறாம் நாளுக்கு. அத நேரா எழுதிட்டா போதும். அண்ணாச்சிக்கு விளக்கவே வேணாம், அக்கவுண்டன்ட் அம்மாவுக்கும் வேணாம், இங்க உள்ளூர் தமிழ்க் குடும்பங்கள்லயும் பதினாறு இருக்கு.

அந்தத் தேதியையும் நான் அப்படியே எடுத்துக்கல. இறந்த நாளை ஒண்ணுன்னு எண்ணினா 28 சனிக்கிழமை, தகனம் பண்ணின நாள்ல இருந்து எண்ணறவங்களுக்கு 29 ஞாயிறு, சில வீட்ல கிழமை பாத்து முன்னப் பின்ன தள்ளுவாங்க. ரிட்டர்ன் டிக்கெட்டும் வேலைக்குத் திரும்பற நாளும் இதுலதான் தொங்குது, அதனால ஊருக்கு போன் போட்டு பெரியவங்ககிட்ட கேட்டு சொல்லுடான்னேன். 28தான்னு உறுதியாச்சு. சனிக்கிழமை காரியம், அன்னிக்கு ராத்திரியே ரயில், ஞாயிறு சென்னைல பிளைட், திங்கள் 30 டர்பன், செவ்வாய் அக்டோபர் 1 வேலை. இந்த ஒரு வரிசை சரியானதும் மெயிலோட எலும்பு கிடைச்சிடுச்சு.

ரெண்டாவதுதான் பெரிய விஷயம், லீவ் எது. தென்னாப்பிரிக்கால இதுக்குச் சட்டம் இருக்கு, 1997ஆம் வருஷத்து பேசிக் கண்டிஷன்ஸ் ஆஃப் எம்ப்ளாய்மென்ட் ஆக்ட், அதுல 27ஆவது பிரிவு, ஃபேமிலி ரெஸ்பான்சிபிலிட்டி லீவ். நாலு மாசத்துக்கு மேல வேலை பாத்திருக்கணும், வாரத்துல குறைஞ்சது நாலு நாள் வேலை இருக்கணும், அப்படின்னா ஒரு லீவ் வருஷத்துக்கு சம்பளத்தோட 3 நாள். சட்டத்துல உள்ள வார்த்தை முதலாளி குடுத்தே ஆகணும்ங்கற மாதிரி, கேட்டா குடுக்கணும், அவ்வளவுதான். அப்பா இறந்தா இது உண்டு, அதுல சந்தேகமே இல்ல.

ஆனா இந்த 3 நாள் சாவுக்கு மட்டும்னு தனியா வச்சது இல்ல, பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு எடுக்கற நாளும் இதே பையில இருந்துதான் போகும். நிறைய பேர் இங்கதான் கோட்டை விடறாங்க, ஒவ்வொரு துக்கத்துக்கும் புதுசா மூணு நாள்னு நினைச்சுக்கறாங்க. தம்பிகிட்ட கேட்டேன், இந்த வருஷம் எதுவும் எடுத்தியான்னு. ஜூலைல பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஒரு நாள் கிளினிக் கூட்டிட்டுப் போனேன்க்கா, ஆனா அது போன வருஷத்துல சேராதான்னு கேக்கறான். லீவ் வருஷம் ஜனவரில ஆரம்பிக்காது, வேலைக்குச் சேர்ந்த நாள்ல இருந்து 12 மாசம். அவன் சேர்ந்தது மார்ச் 1. ஜூலையும் செப்டம்பரும் ஒரே சுத்து. அப்போ மிச்சம் 2 நாள்தான்.

மத்த நாளெல்லாம் ஆன்யுவல் லீவ். அவன் பேஸ்லிப்ல 11 நாள் பாக்கி காட்டுது, தாராளம். ஆனா ஆன்யுவல் லீவ் எப்போ எடுக்கறதுங்கறது ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டு முடிவு பண்ணறது, ஒத்து வரலைன்னா முதலாளி சொல்ற நேரம்தான். இப்ப டிராஃப்ட்டை மறுபடி பாருங்க, எங்க கேக்க வேணாமோ அங்க பாதம் பணிஞ்சு கெஞ்சியிருக்கான், எங்க கேட்டே ஆகணுமோ அங்க "அனுமதி கிடைக்காவிட்டாலும் போயே ஆக வேண்டும்"னு முறைச்சிருக்கான். மரியாதை ரெண்டு பக்கமும் இடம் மாறிக் கிடக்கு. முதல் ரெண்டு நாளுக்கு "எடுத்துக்கொள்கிறேன்", மிச்ச நாளுக்கு "அனுமதி வேண்டுகிறேன்", இந்த ரெண்டு வினையை அதது இடத்துல வச்சாலே மெயிலோட தொனி தானா சரியாகுது. அண்ணாச்சி நல்ல மனுஷர், கெஞ்சலைப் படிச்சா சங்கடப்படுவார், அடுத்த வரி மிரட்டலைப் படிச்சா முகம் சுளிப்பார். ரெண்டுமே துக்க மெயிலுக்கு ஆகாது.

"சம்பளம் பிடிக்காமல்" வரியும் அதோடயே போயிடுச்சு. ரெண்டு லீவுமே சம்பளத்தோடதான், அதக் கேக்க வேண்டிய அவசியமே இல்ல. கேட்டா, ஏதோ இல்லாத சலுகை கேக்கறான் போலன்னு அக்கவுண்டன்ட் அம்மாவுக்குத்தான் குழப்பம்.

மூணாவது எண்ணிக்கை. 16 முதல் 30 வரை 11 நாள்னு எழுதியிருந்தான். திங்கள் முதல் வெள்ளி வேலை, சனி ஞாயிறு எடுத்துட்டா 11 வருது, வாஸ்தவம்தான். ஆனா நடுவுல 24ஆம் தேதி செவ்வாய், ஹெரிட்டேஜ் டே, அரசு விடுமுறை. ஆன்யுவல் லீவுக்கு நடுவுல வேலை நாள்ல அரசு விடுமுறை விழுந்தா அத லீவ்ல கழிக்கக் கூடாதுன்னு அதே சட்டத்துல இருக்கு. அப்போ மொத்தம் 10. அதுல 16, 17 ஃபேமிலி ரெஸ்பான்சிபிலிட்டி, மிச்சம் 18, 19, 20, 23, 25, 26, 27, 30, எட்டு நாள் ஆன்யுவல். இந்த இடத்துல "11 நாட்கள் விடுமுறை"ன்னு இருந்தா, ஒரு நாள் அவன் கையை விட்டுப் போயிருக்கும், யாரும் வேணும்னு எடுத்திருக்க மாட்டாங்க, மெயில்ல உள்ளத அப்படியே சிஸ்டத்துல அடிச்சிருப்பாங்க. அதனாலதான் அவன் எடுக்கறத விடுப்புன்னும் 24ஐ விடுமுறைன்னும் பிரிச்சு எழுத வச்சேன்.

இப்ப அழுகை வரிகள். இதுல கை வைக்கறது கஷ்டம், ஏன்னா எழுதினவன் அந்த நேரத்துல உடைஞ்சு போயிருக்கான், "இதெல்லாம் வேணாம்"னு சொன்னா அப்பாவையே வேணாம்னு சொன்ன மாதிரி இருக்கும். சோடா குடுத்தது, ஆட்டோல போனது, ஊசி போட்டது, இதெல்லாம் அவன் யார்கிட்டயாவது சொல்லியாகணும், போன்ல எனக்குச் சொன்னான், நான் கேட்டுக்கிட்டேன். ஆனா ஆபீஸ் மெயில் ஃபைல்ல போய் உக்காரும், அண்ணாச்சி அத அக்கவுண்டன்ட் அம்மாவுக்கு ஃபார்வர்ட் பண்ணுவார், அவங்க படிக்கச் சொல்லி ஸ்டோர்ஸ் பையன்கிட்ட நீட்டுவாங்க. வீட்ல யாரோ வாயுன்னு நினைச்சு சோடா குடுத்தாங்கங்கறது அத்தனை பேர் கைக்கும் போகணுமா? "இத அண்ணாச்சிகிட்ட நேர்ல சொல்லு, மெயில்ல வேணாம்"னேன். கொஞ்ச நேரம் பதில் இல்ல, அப்புறம் "சரிக்கா எடுத்துருங்க"ன்னான்.

இறந்ததச் சொல்ல ஒரே வினை போதும். அகால மரணம், இறைவனடி, மீளாத்துயர்னு மூணையும் அடுக்கினா அது கண்ணீர் அஞ்சலி போஸ்டர். எழுபது தாண்டினவருக்கு அகாலம்ங்கறதும் ஒட்டல. "காலமானார்" போட்டேன், மரியாதையும் அதுலயே இருக்கு. "இறந்துவிட்டார்" தப்புன்னு சொல்ல மாட்டேன், ஆனா அண்ணாச்சி வயசுக்காரங்களுக்கு அப்பாவைப் பத்தி அப்படி எழுதறது கொஞ்சம் மொட்டையாத் தெரியும்.

விளிப்புலதான் கொஞ்சம் வாக்குவாதம். பொற்பாதங்களை எடுக்கலாம்னு உடனே ஒத்துக்கிட்டான். அதுக்குப் பதிலா "ஐயா"வா "அண்ணாச்சி"யா? மெயில்ல அண்ணாச்சின்னு போட்டா மட்டு மரியாதை இல்லாத மாதிரி இருக்குமேன்னு அவனுக்குப் பயம். என் கணக்கு வேற. தினமும் அண்ணாச்சின்னு கூப்பிடற மனுஷனை, அப்பா செத்த அன்னிக்கு திடீர்னு "முதலாளி ஐயா"ன்னு கூப்பிட்டா அவர் தள்ளி வச்ச மாதிரி உணருவார். முன்னால "மதிப்பிற்குரிய", பின்னால "அவர்களுக்கு", நடுவுல அண்ணாச்சி. ஊர்க்காரங்களுக்கு அது உறவும் மரியாதையும் சேர்ந்த சொல்தான. இதுவே முதலாளி வேற ஊர்க்காரரா இருந்தா ஐயாதான் போட்டிருப்பேன். எது போட்டாலும் கடைசி வரைக்கும் "தங்கள்"னா தங்கள், டிராஃப்ட்ல மாதிரி ஒரு வரில "நீங்கள்" அதே வரில "தங்கள்"னு தாவக் கூடாது.

கன்டெய்னர் ஒன்பது வரியை ரெண்டு வரியா ஆக்கினேன். 19ஆம் தேதி டர்பன் துறைமுகத்துக்கு ஒரு கன்டெய்னர் வருது, பில் ஆஃப் லேடிங், இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் மூணும் கிளியரிங் ஏஜென்ட் கைல இருக்கணும், இல்லைன்னா கஸ்டம்ஸ்ல நிக்கும், நின்னா துறைமுகத்துல வாடகை ஏறும். அண்ணாச்சிக்குத் தெரிய வேண்டியது அது போயாச்சா, இனிமே யார் பாப்பாங்கன்னு மட்டும்தான். புளி மூட்டை, நீல ஃபைல், யாருக்கு எவ்ளோ பாக்கி இதெல்லாம் ஸ்டோர்ஸ்ல உள்ள ஆளுக்குத் தனி மெயில். துக்கச் செய்திக்குக் கீழ புளி மூட்டை கணக்கு வந்தா படிக்கிறவங்களுக்கே எப்படி பதில் போடறதுன்னு தெரியாது, ஆறுதல் சொல்றதா, மூட்டையைப் பத்திக் கேக்கறதா.

சான்றிதழ் பத்தி டிராஃப்ட்ல எதுவுமே இல்ல. சம்பளம் போடறதுக்கு முன்னாடி நியாயமான ஆதாரம் கேக்க முதலாளிக்கு உரிமை இருக்கு. கேக்கறதுக்கு முன்னாடி நாமளே ஒரு வரி போட்டுட்டா, அக்கவுண்டன்ட் அம்மா துக்க வீட்டுக்கு மெசேஜ் போட்டு "புரூஃப் எங்க"ன்னு கேக்க வேண்டிய சங்கடம் மிச்சம். ஆனா தேதி குறிச்சு வாக்குக் குடுக்கக் கூடாது. ஊர்ல இறப்பைப் பதிவு பண்ண 21 நாள் அவகாசம், கிராமத்துல வி.ஏ.ஓ. கிட்ட பதிவு, அப்புறம் பிரின்ட், எப்ப கைக்கு வரும்னு இங்க உக்காந்து சொல்ல முடியாது. "கிடைத்ததும் அனுப்புகிறேன்", அவ்வளவுதான். தமிழ்நாட்டு இறப்புச் சான்றிதழ் தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தே வரும், அதனால மொழிபெயர்ப்பு வேலை இல்ல. இவர் உன் அப்பாதானான்னு யாரும் கேட்டா அவன் பாஸ்போர்ட் கடைசிப் பக்கத்துல அப்பா பேர் இருக்கு, அந்தப் பக்கத்தையும் போட்டோ எடுத்து போன்ல வச்சுக்கச் சொன்னேன்.

பொருள் வரிதான் கடைசியா எழுதினேன். "மிக மிக அவசரம்" மூணு ஆச்சரியக்குறியோட எடுத்தாச்சு, அப்பா போனத விட எந்த ஆச்சரியக்குறி அவசரத்தக் காட்டப் போகுது. இன்பாக்ஸ்ல மெயிலைத் திறக்காமலே தெரிய வேண்டியது என்ன விஷயம், எந்தத் தேதில இருந்து எந்தத் தேதி வரைக்கும். தேதி எண்ல இருந்தா தமிழ் தெரியாதவங்களும் படிச்சிடுவாங்க. லீவ் பேரையும் அதனாலதான் மொழிபெயர்க்காம ஆபீஸ்ல புழங்கற மாதிரியே விட்டேன், ஸ்டோர்ஸ் பையன் வாசிச்சுக் காட்டினா அந்தம்மாவுக்கு அந்த நிமிஷமே புரியும். அது இல்லாம கம்பெனியோட இங்கிலீஷ் லீவ் ஃபார்ம் ஒண்ணு இருக்கு, அதுலயும் இதே தேதி இதே எண்ணிக்கை நிரப்பி மெயில்ல அட்டாச் பண்ண வச்சேன். ரெண்டுலயும் ஒரு நாள் மாறினாலும் ஃபார்ம்தான் ஜெயிக்கும், அதனால ஒண்ண வச்சு ஒண்ண சரிபார்த்தோம்.

காலைல அனுப்பினது இது:

> பொருள்: தந்தை மறைவு – விடுப்பு 16-09-2024 முதல் 30-09-2024 வரை
>
> மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,
>
> என் தந்தை நேற்று (13-09-2024) ஊரில் காலமானார். இன்று அங்கே தகனம் நடக்கிறது. நான் இன்று மாலை விமானத்தில் ஊருக்குப் புறப்படுகிறேன். 28-09-2024 சனிக்கிழமை பதினாறாம் நாள் காரியம். அதை முடித்துக்கொண்டு 30ஆம் தேதி டர்பன் திரும்பி, 01-10-2024 செவ்வாய்க்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன்.
>
> விடுப்பு விவரம்:
> செப்டம்பர் 16, 17 – ஃபேமிலி ரெஸ்பான்சிபிலிட்டி லீவ், 2 நாள்
> செப்டம்பர் 18, 19, 20, 23, 25, 26, 27, 30 – ஆன்யுவல் லீவ், 8 நாள்
> (செப்டம்பர் 24 அரசு விடுமுறை)
>
> முதல் 2 நாளை எடுத்துக்கொள்கிறேன். அடுத்த 8 நாளுக்குத் தங்கள் அனுமதியை வேண்டுகிறேன். இறப்புச் சான்றிதழ் கிடைத்ததும் அனுப்பிவைக்கிறேன். லீவ் ஃபார்ம் இத்துடன் இணைத்துள்ளேன்.
>
> 19ஆம் தேதி வரும் கன்டெய்னரின் பேப்பர்கள் கிளியரிங் ஏஜென்டிடம் கொடுத்தாகிவிட்டது. மற்றதை ஸ்டோர்ஸில் பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். ஏதாவது கேட்க வேண்டுமானால் டர்பன் நேரம் பகல் 12 முதல் 2 மணி வரை வாட்ஸ்அப்பில் இருப்பேன்.
>
> நேற்று உடனே கிளம்பச் சொன்னதற்கு நன்றி அண்ணாச்சி.
>
> இப்படிக்கு,

கீழ அவன் பேர், வேலை, போன் நம்பர். "கீழ்ப்படிந்த ஊழியன்" எடுத்தாச்சு. பகல் 12 முதல் 2ங்கறது சும்மா போட்டது இல்ல, ஊர் நேரம் மூணரை மணி நேரம் முன்னால, அங்க மூணரை முதல் அஞ்சரை, காலைக் காரியமெல்லாம் முடிஞ்சு ஆளுங்க சாப்பிட்டு உக்காந்திருக்கற நேரம். நேரம் எதுவும் போடலைன்னா ஆபீஸ் ஒன்பது மணிக்குத் திறந்த உடனே போன் அடிக்கும், ஊர்ல அப்ப பன்னிரண்டரை, பந்தி நடுவுல.

கடைசி நன்றி வரி அவனே சேத்தது, நான் ஒரு எழுத்தும் தொடல. முழு மெயில்ல அவன் குரல் கேக்கற இடம் அதுதான்.

அண்ணாச்சி ஒரு மணி நேரத்துல பதில் போட்டுட்டார், ரெண்டே வரி, லீவ் ஓகே, அம்மாவைப் பாத்துக்கோன்னு. செப்டம்பர் பேஸ்லிப்ல 2ம் 8ம் சரியா விழுந்துது, ஆன்யுவல் பாக்கி 3. சான்றிதழ் அக்டோபர்ல வந்துது, குடுத்தான், யாரும் வேற எதுவும் கேக்கல.

இதப் பாத்துட்டு வேற ஒருத்தர் இதே மெயிலை மாத்திப் போட்டுக்கலாமான்னு கேட்டாங்க, அவங்களுக்குத் தவறினது வளர்த்த பெரியப்பா. வீட்ல அப்பான்னுதான் கூப்பிடுவாங்களாம். இங்க ஜாக்கிரதை. 27ஆவது பிரிவுல உள்ள பட்டியல் கணவன் மனைவி அல்லது வாழ்க்கைத் துணை, பெத்தவங்க, தத்தெடுத்தவங்க, தாத்தா பாட்டி, பிள்ளை, தத்துப்பிள்ளை, பேரப்பிள்ளை, கூடப்பிறந்தவங்க, அவ்வளவுதான். பெரியப்பா, சித்தி, மாமா, அத்தை, மாமனார், மாமியார் யாரும் இல்ல. முறைப்படி தத்தெடுத்திருந்தா சரி, இல்லைன்னா "தந்தை"ன்னு மெயில்ல எழுதினா சான்றிதழ் வர அன்னிக்கு பேர் ஒத்துப்போகாது, அப்ப துக்கம் போய் விசாரணை வந்துடும். நம்ம கம்பெனி பாலிசில சட்டத்த விட தாராளமா ஏதாவது இருக்கான்னு முதல்ல பாக்கணும், சில இடத்துல மாமனார் மாமியாரையும் சேத்திருப்பாங்க. இல்லைன்னா மெயில் இப்படி மாறும்: "என்னை வளர்த்த பெரியப்பா நேற்று காலமானார்" முதல் வரி, லீவ் விவரத்துல ஃபேமிலி ரெஸ்பான்சிபிலிட்டி வரி முழுசா எடுத்துட்டு எல்லா நாளும் ஆன்யுவல், "எடுத்துக்கொள்கிறேன்" வரியும் போயிடும், "தங்கள் அனுமதியை வேண்டுகிறேன்" மட்டும் நிக்கும். ஆன்யுவல் பத்தலைன்னா எத்தனை நாள் சம்பளம் இல்லாத லீவ்னு அதையும் தேதியோட தனி வரியா.